எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மீதே கடன்: வட்டி எப்படி முடிவாகிறது, எப்போது வாங்கலாம், எப்படி வாங்குவது

2025 ஜூன் மாதம் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு அக்கா பேங்கிலிருந்து ஃபோன் செய்தாள். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் வேண்டும். சீட்டுப் பணம் நான்கு மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். அதனால் ஐந்து லட்ச ரூபாய் எஃப்.டி.யை உடைத்துவிடலாம் என்று கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு லட்சம்தானேக்கா வேணும், அதுக்கு எதுக்கு அஞ்சு லட்சத்தை உடைக்கிறே? அந்த டெபாசிட் மேலயே கடன் கேளு" என்றேன். "நம்ம பணத்தை நாமளே வட்டிக்கு வாங்கணுமா?" என்று கேட்டாள்.

பலருக்கும் இருக்கும் தயக்கம் இது. என் பணத்துக்கு நான் ஏன் வட்டி கட்ட வேண்டும் என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கடன் ஓடும் நாட்களிலும் டெபாசிட்டுக்கு வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒரு பக்கம் வாங்குகிறோம், மறு பக்கம் கொடுக்கிறோம். கையிலிருந்து உண்மையில் போவது இரண்டுக்கும் உள்ள இடைவெளி மட்டுமே. அந்த இடைவெளி எவ்வளவு, உடைத்தால் போகும் பணம் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு தானாகத் தெரியும். அக்காவின் கணக்கையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

கடனின் வட்டி எங்கிருந்து வருகிறது

வீட்டுக் கடனுக்கும் தனிநபர் கடனுக்கும் வங்கி உங்கள் சம்பளத்தையும் சிபில் மதிப்பெண்ணையும் பார்த்து வட்டி சொல்லும். எஃப்.டி. மீதான கடனில் அந்தப் பேச்சே பெரும்பாலும் எழாது. ஈடாக இருப்பது வங்கியின் கையிலேயே உள்ள உங்கள் பணம். அதனால் கணக்கு மிக எளிது: அந்த டெபாசிட்டுக்கு ரசீதில் எழுதியிருக்கும் வட்டி, அதன் மேல் வங்கி வைக்கும் ஒரு சிறு கூடுதல். பொதுத்துறை வங்கிகளில் இந்தக் கூடுதல் பெரும்பாலும் 1% அளவில் இருக்கும். தனியார் வங்கிகள் சிலவற்றில் 2% வரை போகும். டெபாசிட் 7% என்றால் கடன் 8% அல்லது 9%. அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது "ரசீதில் எழுதியிருக்கும் வட்டி" என்பது. இன்று புது டெபாசிட்டுக்கு வங்கி என்ன தருகிறது என்பது இங்கே கணக்கில் வராது. நீங்கள் டெபாசிட் போட்ட அன்று ஒப்புக்கொண்ட வட்டிதான் அடிப்படை. மூத்த குடிமக்களுக்கு அரை சதவீதம் கூடுதலாகக் கிடைத்திருந்தால், வழக்கமாகக் கடன் வட்டியும் அந்த அரை சதவீதத்தைச் சேர்த்தே கணக்காகும்.

அக்காவுக்கு வீட்டுக் கடனும் உண்டு. ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் 6.5%இலிருந்து 5.5%க்குக் குறைத்ததால் அவளுடைய வீட்டுக் கடன் வட்டி இறங்கியது. அதனால் "இதுவும் குறையுமா?" என்று கேட்டாள். குறையாது. வங்கிகள் கடன்களை ஏதாவது ஓர் அடிப்படை வட்டியோடு இணைக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதியில், டெபாசிட்தாரருக்கு அவருடைய சொந்த டெபாசிட் மீது தரும் கடனுக்கு விலக்கு உண்டு. டெபாசிட்டின் வட்டி முதிர்வு வரை மாறாது, கடனின் வட்டி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் அதுவும் மாறாது. ரெப்போ ஏறினாலும் கவலையில்லை, இறங்கினாலும் லாபமில்லை. டெபாசிட் முதிர்ந்து புதுப்பிக்கப்படும் அன்றுதான் இரண்டும் சேர்ந்து மாறும்.

ஒன்று மட்டும் தனி: உங்கள் பெயரில் இல்லாத, வேறொருவரின் டெபாசிட்டை ஈடாக வைத்துக் கடன் கேட்டால் இந்தச் சலுகை பொருந்தாது. வட்டி கூடுதலாக இருக்கும், வங்கி சம்மதிக்காமலும் போகலாம்.

உடைத்தால் என்ன போகும்

எஃப்.டி.யை முதிர்வுக்கு முன் உடைத்தால் "ஒரு சதவீதம் அபராதம்" என்று சொல்வார்கள். 7% டெபாசிட்டுக்கு 6% கிடைக்கும் என்று நாமும் நினைத்துக்கொள்வோம். நடப்பது அப்படியல்ல. முதலில் வங்கி, உங்கள் பணம் உண்மையில் எத்தனை நாள் இருந்தது என்று பார்க்கும். டெபாசிட் போட்ட அன்று அந்தக் கால அளவுக்கு என்ன வட்டி தந்துகொண்டிருந்தார்களோ, அதற்கு இறக்கும். அப்புறம் அதிலிருந்து அபராதத்தைக் கழிக்கும். அதாவது இரண்டு வெட்டு. ஏற்கெனவே கணக்கில் ஏறிய வட்டியையும் இந்தக் குறைந்த விகிதத்தில் முதல் நாளிலிருந்து மறுபடி கணக்கிடுவார்கள். அதனால் டெபாசிட் எவ்வளவு பழையதோ அவ்வளவு இழப்பு.

அக்காவின் ஐந்து லட்சம் 2023 ஜூனில் மூன்று வருடத்துக்கு 7% வட்டியில் போட்டது, காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி. இரண்டு வருடம் ஓடியிருந்தது. அன்றைக்கு அதன் மதிப்பு 5,74,441 ரூபாய். டெபாசிட் போட்ட நாளில் அந்த வங்கியில் இரண்டு வருடத்துக்கான வட்டி 6.8%. அபராதம் அரை சதவீதம். ஆக உடைத்தால் அவளுக்கு 6.3% கணக்கில் 5,66,584 ரூபாய் கிடைத்திருக்கும். கவுண்டரில் கையெழுத்துப் போட்ட நொடியில் 7,857 ரூபாய் போயிருக்கும். இதில் அவளுக்குத் தேவையே இல்லாத மூன்றரை லட்சத்துக்கும் மேலான தொகையின் இழப்பும் அடக்கம். அந்த மீதியை மறுபடி டெபாசிட் போட்டால், வட்டி இறங்கிவிட்ட அந்தச் சமயத்தில் பழைய 7% கிடைக்காது என்பது தனி.

சில வங்கிகளில் எஃப்.டி.யில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க விடுவார்கள். அந்த வசதி இருந்தால் எடுத்த தொகைக்கு மட்டும்தான் இந்த வெட்டு விழும், மீதி பழைய வட்டியிலேயே ஓடும். கடன் கேட்பதற்கு முன் இதையும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

கடன் வாங்கினால் என்ன போகும்

அதே டெபாசிட் மீது இரண்டு லட்சம் கடன், 8% வட்டி, 120 நாள். தொகையை வட்டியால் பெருக்கி, நாட்களால் பெருக்கி, 365ஆல் வகுத்தால் 5,260 ரூபாய். அதே 120 நாளில் டெபாசிட்டில் இருக்கும் அந்த இரண்டு லட்சம் 7% கணக்கில் 4,603 ரூபாய் சம்பாதிக்கும். வித்தியாசம் 657 ரூபாய். உடைத்தால் 7,857, கடன் வாங்கினால் 657. அக்காவிடம் இதைச் சொன்னதும் உடைப்பதற்கான படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் இந்த 657 முழு உண்மை இல்லை. வங்கியில் "ஒரு சதவீதம்தான் சார் செலவு" என்று சொல்வார்கள். வருமான வரி கட்டாதவருக்கு மட்டும்தான் அது சரி. டெபாசிட் வட்டிக்கு வரி உண்டு. கட்டணத்துக்காகவோ வீட்டுச் செலவுக்காகவோ வாங்கிய கடனின் வட்டியை அந்த வருமானத்திலிருந்து கழித்துக் காட்ட முடியாது. சம்பாதிக்கும் பக்கம் வரி பிடிக்கிறது, கொடுக்கும் பக்கம் முழுசாகப் போகிறது.

அக்கா பழைய வரி முறையில் 20% அடுக்கில் வருகிறாள், செஸ் சேர்த்து 20.8%. அவளுக்கு 7% டெபாசிட் உண்மையில் தருவது சுமார் 5.54%. கடனுக்குக் கொடுப்பது 8%. இடைவெளி 1% அல்ல, கிட்டத்தட்ட 2.46%. நான்கு மாதத்துக்கு 657 அல்ல, சுமார் 1,615 ரூபாய். 30% அடுக்கில் இருப்பவருக்கு இந்த இடைவெளி 3.2% அளவுக்குப் போய்விடும். உடைப்பதால் போகும் 7,857 ரூபாயும் வரிக்கு உட்பட்ட வட்டிதான் என்பதால், அவள் கையில் அதன் மதிப்பு சுமார் 6,200. இப்படி இரண்டு பக்கமும் வரியைக் கழித்துப் பார்த்தாலும் கடன்தான் நல்லது. பத்து மடங்குக்கு மேல் தெரிந்த வித்தியாசம் நான்கு மடங்குக்குள் வந்துவிடுகிறது, அவ்வளவே. ஆனால் கடன் நீளமாக ஓடும்போது இந்த வரி விஷயம்தான் முடிவையே மாற்றும்.

எந்த டெபாசிட்டை ஈடு வைப்பது

பலரும் தவறவிடுவது இங்கேதான். அக்காவிடம் இரண்டு எஃப்.டி. உண்டு. ஒன்று மேலே சொன்ன ஐந்து லட்சம், 7%. இன்னொன்று மூன்று லட்சம், 2024 அக்டோபரில் ஐந்து வருடத்துக்கு 6.25%இல் போட்டது. கடன் பிரிவில் இருந்தவர் எடுத்த எடுப்பில் பெரிய ரசீதைத்தான் கையில் எடுத்தார். "அம்மா, இதுலயே போட்டுடலாம், லிமிட் நாலரை லட்சம் வரும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, கேட்கும் எல்லோரும் அதிக லிமிட்டைத்தான் விரும்புவார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எந்த டெபாசிட்டை ஈடு வைத்தாலும் இரண்டுமே தங்கள் வட்டியைச் சம்பாதித்துக்கொண்டுதான் இருக்கும். மாறுவது கடனின் வட்டி மட்டும். 7% டெபாசிட் மீது வாங்கினால் 8%. 6.25% டெபாசிட் மீது வாங்கினால் 7.25%. டெபாசிட்டில் 90% வரை வங்கி கடன் தருகிறது; மூன்று லட்சத்தில் அது 2,70,000 ரூபாய், இரண்டு லட்சத்துக்குத் தாராளம். 120 நாளைக்கு 7.25%இல் வட்டி 4,767 ரூபாய். பெரிய டெபாசிட்டில் 5,260. வேறெதுவும் செய்யாமல், ரசீதை மாற்றிக் கொடுத்ததில் 493 ரூபாய் மிச்சம். உங்களிடம் பல டெபாசிட்டுகள் இருந்தால், தேவையான தொகைக்குப் போதுமானவற்றில் எது குறைந்த வட்டி தருகிறதோ அதை ஈடு வையுங்கள்.

அப்போது அக்கா ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "சின்ன டெபாசிட்டைப் போட்டு எட்டு மாசம்தானே ஆகுது, அதை உடைச்சா எவ்வளவு போகும்?" சரியான கேள்வி. டெபாசிட் போட்ட நாளில் எட்டு மாதத்துக்கான வட்டி 5.75%, அபராதம் அரை, ஆக 5.25%. மூன்று லட்சத்துக்கு எட்டு மாதத்தில் ஒரு சதவீத இழப்பு, சுமார் 2,000 ரூபாய். அதோடு, எடுத்துவிட்ட இரண்டு லட்சம் அடுத்த நான்கு மாதம் சம்பாதிக்காமல் போவது 4,110. மொத்தம் 6,110. அவளுடைய வரியைக் கழித்தால் 4,840 ரூபாய் அளவில் வரும். கடனுக்கு 4,767. ஏறக்குறைய சமம்! அவளுக்கு நான்கு மாதத்துக்கு மேல் பணம் தேவைப்பட்டிருந்தால் சின்ன டெபாசிட்டை உடைப்பதே நல்லதாக இருந்திருக்கும். சீட்டுப் பணம் வரும் தேதி உறுதியாக இருந்ததாலும், உடைத்தால் மறுபடி அதே 6.25% கிடைக்காது என்பதாலும் கடன் பக்கம் போனோம்.

ஆகவே இளசான டெபாசிட்டை உடைக்கப் பயப்பட வேண்டாம். இரண்டு மாதம் முன்பு போட்ட டெபாசிட்டில் பெரும்பகுதி இரண்டு வருடத்துக்குத் தேவை என்றால், உடைப்பதில் போவது கொஞ்சம்தான். கடனோ இரண்டு வருடமும் இடைவெளியைத் தின்னும். பழைய டெபாசிட், கொஞ்சப் பணம், குறுகிய காலம் என்றால் கடன். புதிய டெபாசிட், பெரும்பகுதி, நீண்ட காலம் என்றால் உடையுங்கள். நடுவில் இருப்பவர்கள் மேலே போட்ட மாதிரி ஒரு தாளில் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

கிளைக்குப் போகும் முன்

ரசீதை எடுத்து வைத்து நான்கு விஷயம் பாருங்கள். வட்டி எவ்வளவு, முதிர்வுத் தேதி எது, யார் யார் பெயரில் இருக்கிறது, என்ன வகை டெபாசிட். கூட்டுப் பெயரில் இருந்தால், "இருவரில் ஒருவர்" என்று இருந்தாலும், கடனுக்கு எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் வங்கிகள் கேட்கும். கணவர் வெளியூரில் இருக்கிறார் என்றால் இதிலேயே நான்கு நாள் போய்விடும்.

வகை முக்கியம். வருமான வரிச் சலுகைக்காகப் போட்ட ஐந்து வருட டெபாசிட்டாக இருந்தால் அதை உடைக்கவும் முடியாது, ஈடு வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. அந்தத் திட்டத்தின் விதியே அப்படி. அக்காவின் ஐந்து வருட டெபாசிட் சாதாரண வகை, அதனால் தடையில்லை. ரசீதில் வரிச் சேமிப்பு என்று அச்சாகியிருக்கும், பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் பெயரில் போட்ட டெபாசிட்டுகளுக்கும் பொதுவாகக் கடன் கிடைப்பது கடினம்.

வங்கியில் இல்லாமல் நிதி நிறுவனத்தில் டெபாசிட் வைத்திருப்பவர்களுக்கு விதி வேறு. ரிசர்வ் வங்கி விதிப்படி, போட்டு மூன்று மாதம் ஆன பிறகு டெபாசிட்டில் 75% வரை, டெபாசிட் வட்டியை விட 2% கூடுதலில் கடன் தரலாம். அங்கே மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்டால் வட்டியே கிடையாது என்பதால், அந்தக் காலத்தில் உடைப்பதை விடக் கடன் பல சமயம் மேல்.

ஓவர்டிராஃப்டா, டிமாண்ட் லோனா

இரண்டு வடிவில் தருவார்கள். டிமாண்ட் லோன் என்றால் கேட்ட தொகை மொத்தமாக உங்கள் சேமிப்புக் கணக்கில் வந்துவிடும், முதல் நாளிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி. ஓவர்டிராஃப்ட் என்றால் உங்கள் பெயரில் ஒரு தனிக் கணக்கு திறந்து லிமிட் வைப்பார்கள். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்து மட்டும் வட்டி. திருப்பிப் போட்டால் அன்றிலிருந்தே வட்டி குறையும், மறுபடி எடுக்கவும் செய்யலாம்.

கேட்க முடிந்தால் ஓவர்டிராஃப்டையே கேளுங்கள். அக்கா 2,70,000 லிமிட்டில் இரண்டு லட்சம் மட்டும் எடுத்தாள். மீதி எழுபதாயிரத்துக்கு வட்டி இல்லை. அறுபது நாள் கழித்து வேறொரு வழியில் ஐம்பதாயிரம் வந்தது, உடனே போட்டுவிட்டாள். மீதி அறுபது நாளும் ஒன்றரை லட்சத்துக்கு மட்டுமே வட்டி ஓடியது. 4,767க்குப் பதிலாக மொத்தம் 4,171 ரூபாயில் முடிந்தது.

விண்ணப்பம்

தனிப் பெயரில் ஆன்லைனில் போட்ட எஃப்.டி. என்றால் பல வங்கிகளில் நெட்பேங்கிங்கிலேயே வேலை முடிந்துவிடும். டெபாசிட் பகுதியில் ஓவர்டிராஃப்ட் என்ற தேர்வு இருக்கும், டெபாசிட்டைத் தேர்ந்தெடுத்து, தொகை போட்டு, ஓடிபி கொடுத்தால் கணக்கு திறந்துவிடும். அங்கே காட்டும் வட்டி விகிதத்தை மட்டும் உறுதி செய்யும் முன் படியுங்கள்.

கிளையில் என்றால் அசல் ரசீது, ஆதார், பான், விண்ணப்பப் படிவம். ரசீதின் பின்பக்கம் கையெழுத்து வாங்குவார்கள். புரோநோட்டும், கடன் தீராவிட்டால் டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கிக்கு உரிமை தரும் கடிதமும் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். டெபாசிட் வட்டிக்கு மேல் எத்தனை சதவீதம்? 90% என்பது அசலுக்கு மட்டுமா, ஏறிய வட்டியையும் சேர்த்தா? நடைமுறைக் கட்டணமோ முன்கூட்டி அடைத்தால் அபராதமோ உண்டா? பல வங்கிகளில் கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் சிறு தொகைக்கு, குறுகிய காலத்துக்கு வாங்கும்போது ஐந்நூறு ரூபாய் கட்டணம் இருந்தாலும் மேலே போட்ட கணக்கு தலைகீழாகிவிடும் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். 

கடன் முடிவானதும் டெபாசிட் மேல் லியன் போடுவார்கள். இந்தக் கடன் தீரும் வரை இதைத் தொட முடியாது என்ற குறிப்பு அது. நெட்பேங்கிங்கில் டெபாசிட்டைத் திறந்தால் `Lien` என்ற இடத்தில் ஒரு தொகை தெரியும். நீங்கள் தேர்ந்தெடுத்த டெபாசிட் மேல்தான் அது இருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள்.

கடன் ஓடும்போது

வட்டியை நாள் கணக்கில் போட்டு மாதம் ஒருமுறை கணக்கில் பற்று வைப்பார்கள். அக்காவின் முதல் முழு மாதப் பற்று 1,231 ரூபாய்; இரண்டு லட்சத்துக்கு 7.25%இல் 31 நாள். மாதத் தவணை என்று கட்டாயம் இல்லாததால் இதைக் கட்டாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். கட்டாவிட்டால் அந்த வட்டி அசலோடு சேர்ந்து அடுத்த மாதம் அதற்கும் வட்டி ஓடும். கடன் மாதம் ஒருமுறை குட்டி போடுகிறது, டெபாசிட் காலாண்டுக்கு ஒருமுறைதான். நான்கு மாதத்தில் பெரிதாகத் தெரியாது. ஐந்து லட்சம் புது டெபாசிட்டில் நாலரை லட்சம் எடுத்து, 8%இல் மூன்று வருடம் ஒரு பைசா கட்டாமல் விட்டால், கடன் 5,71,600 ரூபாய்க்கு மேல் வளர்ந்திருக்கும். டெபாசிட் 6,15,700. கையில் மிஞ்சுவது நாற்பத்து நாலாயிரம்தான். டெபாசிட் வட்டியில் டிடிஎஸ் பிடித்தால் அதுவும் குறையும். கடன் தொகை டெபாசிட்டை எட்டிப் பிடிக்கும் நிலை வந்தால் வங்கி டெபாசிட்டை முடித்துக் கடனை அடைத்துக்கொள்ளும்.

ஈடு போதுமானதாக இருக்கும் வரை இப்படிப்பட்ட கடனை வாராக்கடனாக வகைப்படுத்த வேண்டியதில்லை என்று ரிசர்வ் வங்கி விதியே சொல்கிறது. அதனால் வங்கி உங்களைத் துரத்தாது. துரத்தாமல் இருப்பதால்தான் மறந்தும் போகிறோம். மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள். காலாண்டு வட்டியைக் கையில் தரும் வகை டெபாசிட்டாக இருந்தால், அந்த வட்டியைக் கடன் கணக்கிலேயே வரவு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம்.

முதிர்வுத் தேதியை மறக்கக் கூடாது. கடன் இருக்கும்போதே டெபாசிட் முதிர்ந்தால் வங்கி பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும். தானாகப் புதுப்பிக்கும்படி போட்டிருந்தால் சில வங்கிகள் புது வட்டியில் டெபாசிட்டையும், அதற்கேற்ற புது வட்டியில் கடனையும் தொடரும். சில வங்கிகளில் ஓவர்டிராஃப்ட் லிமிட் அந்த நாளோடு காலாவதியாகி, பாக்கி முழுவதும் கெடு தாண்டிய கணக்காகக் காட்டும். உங்கள் வங்கியில் எது என்று முதிர்வுக்குப் பதினைந்து நாள் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடைக்கும் நாள்

அக்டோபரில் சீட்டுப் பணம் வந்தது. அக்கா அன்றே கணக்கில் காட்டிய பாக்கி முழுவதையும் கட்டிவிட்டு வந்தாள். மாதக் கடைசியில் ஒரு சிறு தொகை பற்று விழுந்திருந்தது. முந்தைய பற்று தேதியிலிருந்து அடைத்த நாள் வரைக்கான வட்டி அது. அடைக்கும் நாளில் திரையில் தெரியும் பாக்கி, அன்று வரைக்குமான வட்டியைச் சேர்த்ததாக இருக்காது. "இன்றைய தேதிக்கு முடிக்க எவ்வளவு" என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்ட வேண்டும்.

அதை விடத் தொல்லை அடுத்து வந்தது. இரண்டு மாதம் கழித்து அந்த மூன்று லட்சத்துக்கு வாரிசு நியமனத்தைத் திருத்தப் போனபோது, டெபாசிட்டில் லியன் அப்படியே இருந்தது. கடன் பூஜ்யம், ஆனால் ஓவர்டிராஃப்ட் கணக்கை மூடச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, லிமிட் உயிரோடு இருந்தது, அதனால் லியனும் இருந்தது. ஒரு கடிதம், மூன்று நாள், இரண்டு முறை நடை.

நீங்கள் அடைக்கும் அன்றே ஓவர்டிராஃப்ட் கணக்கை மூடவும் லியனை நீக்கவும் ஒரே கடிதத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அசல் ரசீது கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். இரண்டு நாள் கழித்து நெட்பேங்கிங்கில் அந்த `Lien` இடம் பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் சில மாதத்தில் மறுபடி தேவை வரும் என்று தெரிந்தால் கணக்கை மூடாமலே வைக்கலாம். ஆண்டுக் கட்டணம் எதுவும் பிடிக்க மாட்டார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.